அமைலேஸ் நார்மல், லைபேஸ் பன்னிரண்டு மடங்கு: ஒரே ட்யூப், எது பொய்?

மையவிலக்கு | ஜூன் 11, புதன், இரவு 10:20

நேராக விஷயத்துக்கு வருகிறேன். இன்று சாயங்காலம் 7 மணிக்கு ஒரு சாம்பிள் வந்தது. ஆண், 38 வயது. சீட்டில் "மேல் வயிற்று வலி, வாந்தி, 1 நாள்" என்று எழுதி அமைலேஸ், லைபேஸ், லிவர், கொழுப்பு எல்லாம் கேட்டிருந்தார்கள். அமைலேஸ் 94. எங்கள் மேல் எல்லை 100. லைபேஸ் 742. மேல் எல்லை 60.

ரிப்போர்ட் போன பத்தாவது நிமிடம் டூட்டி டாக்டரிடமிருந்து போன். "ரெண்டும் ஒரே கணையத்துலேர்ந்துதானே வருது, ஒண்ணு நார்மல், இன்னொண்ணு பன்னெண்டு மடங்கா? மெஷினைப் பாருங்க" என்றார். பின்னாலேயே நோயாளியின் மச்சான் கவுண்டருக்கு வந்து, லேப் காசு பிடுங்குகிறது என்று சத்தம்.

கண்ட்ரோல் இரண்டும் காலையில் சரியாக வந்தவைதான். என் சந்தேகம் லைபேஸ் மேல்தான். அமைலேஸைப் பதினான்கு வருடமாக ஓட்டுகிறேன், அது என்னை ஏமாற்றியதில்லை. எங்கள் ஓனர் வேறு "லைபேஸ் கிட் விலை ஜாஸ்தி, அமைலேஸ் போதுமே" என்று ஆறு மாதமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். அவர் சொல்வதுதான் சரியோ?

நைட்ஷிப்ட் அக்கா | ஜூன் 11, இரவு 10:41

லாவெண்டர் மூடி ட்யூபில் எடுத்ததை ஓட்டிவிட்டீர்களா? எங்கள் வார்டில் ஒருமுறை அப்படி நடந்தது.

மையவிலக்கு | ஜூன் 11, இரவு 10:48

இல்லை அக்கா, சிவப்பு மூடி, சீரம்தான். ஆனால் நல்ல கேள்வி. லாவெண்டர் ட்யூபில் இருக்கும் இடிடிஏ கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும், கால்சியம் இல்லாமல் அமைலேஸ் வேலை செய்யாது, எண் பொய்யாக இறங்கிவிடும். அதனால் ட்யூபை மறுபடி எடுத்துப் பார்த்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

மையவிலக்கு | ஜூன் 11, இரவு 11:35

சந்தேகம் ஏன் லைபேஸ் மேல் என்று சொல்லிவிடுகிறேன். இரண்டு வருடத்துக்கு முன் ஒரு வாரம் முழுக்க, வயிற்றில் ஒன்றுமே இல்லாதவர்களுக்கு லைபேஸ் 150, 210 என்று வந்தது. எல்லாரும் முழு உடல் பரிசோதனை பேக்கேஜில் வந்தவர்கள், காலையில் நடந்து வந்து காபி கேட்டவர்கள். மூன்று நாள் மண்டையை உடைத்துக்கொண்டேன். கடைசியில் பார்த்தால், எல்லாருக்கும் லைபேஸுக்கு முன் ஓடியது ட்ரைகிளிசரைடு. அந்த ரீஏஜென்டிலேயே லைபேஸ் கலந்திருக்கிறது, கொழுப்பை உடைத்துக் கிளிசரால் ஆக்குவதற்காக. ஒரே புரோப் அதையும் உறிஞ்சி இதையும் உறிஞ்சும். நுனியில் ஒட்டியிருந்த துளி போதும், அடுத்த கியூவெட்டில் லைபேஸ் ஏறிவிடும். நாம் அளந்தது நோயாளியின் லைபேஸ் இல்லை, பாட்டிலில் இருந்த லைபேஸ்.

இன்றைக்கும் இதே சீட்டில் கொழுப்பு இருக்கிறது. அதனால் புரோப்பை இரண்டு முறை கழுவி, வேறு எந்த டெஸ்டும் இல்லாமல் லைபேஸை மட்டும் முதலில் வைத்து ஓட்டப் போகிறேன்.

மையவிலக்கு | ஜூன் 12, வியாழன், நள்ளிரவு 12:10

735.

இரண்டாகக் கலக்கி ஓட்டினேன், 366. இரட்டித்தால் 732. அமைலேஸ் மறுபடி 95. இரண்டுமே உண்மை. அப்படியானால் எனக்குப் புரியவில்லை. தூங்கப் போகிறேன்.

ஆலிவ் எண்ணெய் | ஜூன் 12, காலை 6:15

தம்பி, மெஷினை விட்டுவிட்டு நோயாளியைக் கேளுங்கள். வலி எப்போது ஆரம்பித்தது? சீட்டில் "1 நாள்" என்றால் யாரோ வேகமாக எழுதியது. என் ஊகம், அது மூன்று நாளுக்கு மேல் பழைய வலி.

நான் உயிர்வேதியியல் சொல்லிக்கொடுத்து ரிட்டயர் ஆனவன். கணையம் வீங்கும்போது இரண்டும் சேர்ந்துதான் ரத்தத்துக்குள் கசிகின்றன. லைபேஸ் 4 முதல் 8 மணி நேரத்தில் ஏறத் தொடங்கும், ஒரு நாளில் உச்சம், பிறகு 8 முதல் 14 நாள் வரை எல்லைக்கு மேலேயே நிற்கும். அமைலேஸும் 6, 12 மணிக்குள் ஏறிவிடும், ஆனால் பெரும்பாலும் 3 முதல் 5 நாளில் வீடு திரும்பிவிடும். ஏறும்போது இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. இறங்கும்போதுதான் வேறு வேறு வழியில் போகின்றன. நீங்கள் பார்த்தது அந்த இடைவெளியாக இருக்கலாம்.

மையவிலக்கு | ஜூன் 12, மதியம் 1:50

ஐயா, கால் எங்கே, உங்கள் காலைத் தொட்டுக் கும்பிடணும்.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் வார்டுக்கு நானே போனேன். கத்திய மச்சான்தான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். பேச்சுக் கொடுத்தேன். சனிக்கிழமை ராத்திரி ஒரு வளைகாப்பு விருந்து, அப்புறம் மொட்டைமாடியில் கச்சேரி. 11 மணிக்கு மேல் வயிற்றில் பிடித்து முதுகுக்கு ஓடிய வலி. குனிந்து உட்கார்ந்தால் கொஞ்சம் பரவாயில்லை. ஞாயிறு காலை தெருமுனைக் கிளினிக்கில் "கேஸ்" என்று ஊசி. திங்கள், செவ்வாய் கஞ்சியோடு ஓட்டியிருக்கிறார். புதன்கிழமை வாந்தி நிற்காமல் போனதால்தான் அட்மிஷன். சீட்டில் எழுதிய "1 நாள்" வாந்திக்கு, வலிக்கு இல்லை.

அதாவது சனி இரவு 11லிருந்து புதன் மாலை 7 வரை 92 மணி நேரம். நாலாவது நாள் சாம்பிள்.

அமைலேஸ் என்னை ஏமாற்றியதில்லை என்று நேற்று எழுதினேன் இல்லையா, அதை வாபஸ் வாங்குகிறேன். எத்தனை பேரை இப்படி "நார்மல்" என்று வீட்டுக்கு அனுப்பியிருப்பேனோ தெரியவில்லை.

டூட்டி ரூம் 3 | ஜூன் 12, பிற்பகல் 3:30

வேறு ஊர் டாக்டர் நான், போனில் கத்தியவன் இல்லை. ஆனால் அவர் பக்கமும் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. அமைலேஸ் நார்மல், லைபேஸ் உயர்வு என்று வந்தால் எங்களுக்கு முதலில் குழப்பம்தான்.

நாங்கள் பார்ப்பது மூன்று: அந்த மாதிரி வலி, அமைலேஸோ லைபேஸோ மேல் எல்லையைப் போல மூன்று மடங்காவது இருப்பது, ஸ்கேனில் கணையம் வீங்கித் தெரிவது. மூன்றில் இரண்டு இருந்தால் கணைய அழற்சி. 2012இல் திருத்திய அட்லாண்டா வகைப்பாடு சொல்வது அதுதான். உங்கள் ஆளுக்கு மூன்று மடங்கு என்றால் 180. அவருக்கு 742, வலியும் சொன்ன மாதிரியே. அங்கேயே முடிந்தது. லைபேஸ் இல்லாத லேபாக இருந்தால் வலி ஒன்று மட்டும் கையில் நிற்கும், சிடி எடுத்துத்தான் ஆகணும். அல்ட்ராசவுண்டில் குடல் காற்று மறைத்துவிட்டால் கணையமே தெரியாது. அதற்கு ஆகும் செலவை உங்கள் ஓனர் கிட் விலையோடு சேர்த்துக் கணக்குப் போடட்டும்.

நைட்ஷிப்ட் அக்கா | ஜூன் 12, மாலை 5:05

அப்போ பன்னிரண்டு மடங்கு என்றால் ரொம்பத் தீவிரம் இல்லையா? எங்கள் ஐசியூவில் தினமும் காலையில் அமைலேஸ், லைபேஸ் அனுப்புவோம். எண் எவ்வளவு ஏறுதோ அவ்வளவு ஆபத்து, இறங்கினால் தேறுகிறார் என்று அர்த்தம்.

டூட்டி ரூம் 3 | ஜூன் 12, மாலை 5:40

பாதி சரி அக்கா. எண் அதிகமாக இருந்தால் "இது கணையம்தான்" என்பதில் உறுதி கூடும். "எவ்வளவு மோசம்" என்பதை அது சொல்லாது. லைபேஸ் 5000 வந்தவர் நாலாம் நாள் இட்லி சாப்பிட்டு வீட்டுக்குப் போவார். 400 வந்தவருக்கு மூச்சுத் திணறி வென்டிலேட்டர் போட வேண்டி வரும். கணையம் செத்துப்போன இடத்திலிருந்து நொதி வராது, எண் அழகாக இறங்கும், ஆள் மோசமாகிக்கொண்டிருப்பார். தினமும் பார்க்க வேண்டியது நாடித் துடிப்பு, மூச்சு, சிறுநீர் அளவு, யூரியா, ரத்தம் எவ்வளவு கெட்டியாகியிருக்கிறது என்பது. அமைலேஸும் லைபேஸும் கதவைத் திறக்கிற சாவி. உள்ளே போன பிறகு சாவியைத் தினமும் பார்த்து என்ன ஆகப் போகிறது?

நைட்ஷிப்ட் அக்கா | ஜூன் 12, மாலை 5:52

நான் என்ன செய்ய, பெரிய டாக்டர் ஃபைலில் "தினசரி" என்று எழுதிவிடுகிறாரே. நீங்கள் வந்து அவரிடம் சொல்லுங்கள்.

அரியலூர் ஆறுமுகம் | ஜூன் 12, இரவு 7:30

வணக்கம். எங்க அப்பாவுக்கு லைபேஸ் 310. பித்தப்பையில் கல் இருக்குன்னாங்க. லைபேஸைக் குறைக்க என்ன சாப்பிடலாம்? சீரகத் தண்ணீர் கொடுக்கலாமா?

டூட்டி ரூம் 3 | ஜூன் 12, இரவு 7:44

ஆறுமுகம், இங்கே பேசிக்கொண்டிருப்பது டெஸ்டைப் பற்றி. லைபேஸைக் குறைப்பது சிகிச்சை இல்லை. அது தானாக இறங்கும். கல் குழாய்க்குள் இறங்கி அடைத்திருக்கிறதா என்பதுதான் கேள்வி. அட்மிஷனில் இருக்கிறார்தானே? இல்லையென்றால் இன்றே கூட்டிப் போங்கள், சீரகத் தண்ணீருக்குக் காத்திருக்க வேண்டாம்.

அரியலூர் ஆறுமுகம் | ஜூன் 12, இரவு 7:58

அட்மிஷன்ல தான் சார். குளுக்கோஸ் ஏறுது. நன்றி.

ஆலிவ் எண்ணெய் | ஜூன் 13, வெள்ளி, காலை 6:05

எல்லா இடத்திலும் ஏன் அமைலேஸே பழக்கமாகிப் போச்சு என்று ஒருவர் தனிச்செய்தியில் கேட்டார். காரணம் மருத்துவம் இல்லை, சோதனைக்கூடத்து வசதி. ரத்த அமைலேஸைக் கணைய நோயில் பார்க்கும் வழக்கம் 1929இல் எல்மன் காலத்திலிருந்து வருகிறது. மாவுச்சத்தும் அயோடினும் சேர்ந்தால் நீலம். அமைலேஸ் மாவைத் தின்றால் நீலம் வெளுக்கும். அவ்வளவுதான், கண்ணாலேயே பார்க்கலாம். லைபேஸுக்கு 1932இல் செரியும் கிராண்டலும் கொடுத்த முறை: ஆலிவ் எண்ணெயைப் பால் மாதிரி அடித்து, சீரத்தோடு சேர்த்து மணிக்கணக்கில் சூட்டில் வைத்து, வெளிவந்த கொழுப்பு அமிலத்தைக் காரம் சொட்டுவிட்டு அளக்கணும். நான் மாணவனாக இருந்தபோது அதைச் செய்திருக்கிறேன். என் பெயருக்குக் காரணம் அதுதான். எண்ணெய் ஒருநாள் ஒரு மாதிரி கலங்கும், மறுநாள் வேறு மாதிரி. அவசர நோயாளிக்கு அதற்குள் விடிந்துவிடும்.

அப்புறம் கோலைபேஸ் என்கிற துணைப் புரதத்தைப் பிரித்தெடுத்து ரீஏஜென்டில் சேர்த்தார்கள். அது இல்லாமல் பித்த உப்புக்கு நடுவில் கணைய லைபேஸ் கொழுப்பின் மேல் ஒட்டாது. சேர்த்த பிறகு டெஸ்ட் நிமிடக் கணக்கானது, நம்பகமும் ஆனது. முறை மாறியும் டாக்டர்களின் கை மட்டும் "அமைலேஸ்" என்றே எழுதிக்கொண்டிருக்கிறது.

மையவிலக்கு | ஜூன் 13, காலை 9:30

ஐயா சொன்ன இறக்கத்தைக் காகிதத்தில் போட்டுப் பார்த்தேன். அமைலேஸ் சுமார் 12 மணி நேரத்தில் பாதியாகிறது என்று வைத்துக்கொள்வோம். திங்கள் காலை 6 மணிக்கு 800 இருந்து, அத்தோடு கசிவு நின்றுவிட்டது என்றால், மாலை 400, செவ்வாய் காலை 200, செவ்வாய் மாலை 100. புதன் மாலைக்கு நார்மல். கணக்கில் 25 வரைகூடப் போகிறது, ஆனால் நார்மல் என்பது பொருந்துகிறது.

பிப்பெட் | ஜூன் 13, காலை 10:15

அதே கணக்கை லைபேஸுக்கும் போடுங்களேன். லைபேஸ் பாதியாகிற நேரமும் மணிக்கணக்குதான், நாள் கணக்கு இல்லை. திங்கள் காலை 3600 இருந்தால்கூட, 12 மணிக்கு ஒரு பாதி என்றால் புதன் மாலை 112தான் வரணும். 742 எப்படி?

மையவிலக்கு | ஜூன் 13, காலை 10:20

அடப் போங்க சார், இப்போதுதான் எனக்குப் புரிந்த மாதிரி இருந்தது.

ஆலிவ் எண்ணெய் | ஜூன் 13, இரவு 8:40

பிப்பெட் கேட்பது சரியான கேள்வி. மூன்று விஷயம் இருக்கிறது. கசிவு குழாயை மூடின மாதிரி திங்கள் காலையில் நிற்காது. சொட்டிக்கொண்டே இருக்கும், ஆகவேதான் தம்பியின் கணக்கில் 25 வருவது நிஜத்தில் 94இல் நிற்கிறது. இரண்டாவது, லைபேஸ் தன் எல்லையைப் போல அதிக மடங்கு ஏறுகிறது. எட்டு மடங்கு ஏறியது மூன்று பாதியில் எல்லைக்கு வந்துவிடும், அறுபது மடங்கு ஏறியதற்கு ஆறு பாதி வேண்டும். மூன்றாவது சிறுநீரகம். வடிகட்டியில் இறங்கும் அமைலேஸில் ஒரு பகுதி சிறுநீரில் போய்விடும், முன்பெல்லாம் சிறுநீரிலேயே அளந்தோம். லைபேஸ் வடிகட்டியில் இறங்கினாலும் குழாய்ச் செல்கள் அதைத் திரும்ப உறிஞ்சிவிடும், சிறுநீரில் அது தெரியாது. லைபேஸ் நீண்ட நாள் நிற்பதற்கு இதைத்தான் காரணமாகச் சொல்வார்கள்.

பிப்பெட் | ஜூன் 13, இரவு 9:02

உறிஞ்சிய செல் அதை ரத்தத்துக்குத் திருப்பிக் கொடுக்கிறதா, உள்ளேயே சிதைத்துவிடுகிறதா? சிதைத்துவிட்டால் அந்தக் காரணம் நிற்காதே. எனக்கு இன்னும் முழுசாகத் திருப்தி இல்லை. மற்ற இரண்டையும் ஒப்புக்கொள்கிறேன்.

சாக்பீஸ் | ஜூன் 14, சனி, காலை 11:10

நான் மருத்துவத்துறை இல்லை, பள்ளி ஆசிரியை. என் கதையைக் கேளுங்கள். எனக்கு அமைலேஸ் எப்போது பார்த்தாலும் 320, 340. மூன்று வருடமாக. வலி கிடையாது. இரண்டு சிடி எடுத்தாச்சு, ஒன்றும் இல்லை. ஒவ்வொரு புது டாக்டரும் கணையம் என்று பயமுறுத்துகிறார். விருந்து வீட்டில் வடையைத் தொடவே பயமாக இருக்கிறது. அமைலேஸ் நார்மலாக இருந்தால் நோய் இல்லை என்று நம்பக்கூடாது என்கிறீர்கள். உயர்ந்திருந்தால்?

ஆலிவ் எண்ணெய் | ஜூன் 14, பிற்பகல் 12:30

அம்மா, அமைலேஸ் கணையத்தில் மட்டும் சுரப்பதில்லை. உமிழ்நீர்ச் சுரப்பியிலும் நிறைய இருக்கிறது. பொன்னுக்கு வீங்கி வந்த குழந்தைக்கு அமைலேஸ் ஏறும். கருக்குழாயிலிருந்தும் வரும், குடல் ஓட்டையானாலும் ஏறும். லைபேஸ் முக்கியமாகக் கணையத்தினுடையது. அதைத் தேர்ந்தெடுக்க இது இன்னொரு காரணம்.

வலி இல்லாமல் வருடக்கணக்கில் ஒரே உயரத்தில் நிற்கிறது என்றால், அமைலேஸ் ஒரு எதிர்ப்புப் புரதத்தோடு ஒட்டிப் பெரிய உருண்டையாகி, சிறுநீரக வடிகட்டியில் இறங்க முடியாமல் ரத்தத்திலேயே சுற்றலாம். மேக்ரோஅமைலேஸ் என்பார்கள். அது தானாக ஒரு நோய் இல்லை. லைபேஸும், சிறுநீர் அமைலேஸும் பார்க்கச் சொல்லி உங்கள் டாக்டரிடம் கேளுங்கள். ரத்தத்தில் உயர்ந்து, சிறுநீரில் குறைந்து, லைபேஸ் நார்மலாக இருந்தால் அதுவாகத்தான் இருக்கும். நான் நேரில் பார்க்கவில்லை, அதனால் வடைக்கு உத்தரவாதம் தர மாட்டேன்.

டூட்டி ரூம் 3 | ஜூன் 14, மாலை 4:15

லைபேஸைத் தூக்கிவைத்துக் கொண்டாட வேண்டாம். டயாலிசிஸ் நோயாளிக்குக் கணையத்தில் ஒன்றும் இல்லாமலே இரண்டு மடங்கு நிற்கும். சர்க்கரை ஏறிக் கீட்டோன் வந்தவருக்கும் ஏறும், அவர்களுக்கு வயிற்று வலியும் இருக்கும், அங்கேதான் மாட்டுவோம். போன மாதம் டயாலிசிஸில் இருக்கும் ஒருவர், வலியோடு லைபேஸ் 170. மூன்று மடங்குக்குப் பத்து குறைவு. இரண்டு நாள் விவாதித்து சிடி எடுத்தோம். கணையம் சுத்தம். வலி எங்கிருந்து வந்தது என்பது கடைசி வரை தெரியவில்லை.

வலி வந்து இரண்டு மணி நேரத்தில் ஓடிவருகிறவருக்கு இரண்டுமே நார்மலாக இருக்கலாம். அதையும் மறந்துவிடாதீர்கள், ஆறு மணி நேரம் கழித்து மறுபடி எடுக்கணும்.

மையவிலக்கு | ஜூன் 14, இரவு 9:50

நம் ஆள் பற்றி. வியாழன் சிடி எடுத்திருக்கிறார்கள், கணையம் வீங்கி சுற்றிலும் நீர். டூட்டி டாக்டர் லேபுக்கே வந்து டீ வாங்கிக் கொடுத்தார். மன்னிப்பு என்ற வார்த்தை வரவில்லை, ஆனால் டீயோடு பஜ்ஜி இருந்தது.

சீரம் பால் மாதிரி இருந்ததா என்று கேட்டார். இல்லை, தெளிவுதான், ட்ரைகிளிசரைடு 210. ரொம்ப ஏறியிருந்தால் முதல் நாளே அமைலேஸ் பொய்யாக நார்மல் காட்டும் என்றார். அப்படிப்பட்ட சீரத்தைக் கலக்கக் கலக்க, பெருக்கிப் பார்த்தால் எண் ஏறிக்கொண்டே போகுமாம். நான் பார்த்ததில்லை. அடுத்த முறை வெள்ளைச் சீரம் வந்தால் செய்து பார்க்கிறேன்.

பிப்பெட் | ஜூன் 15, ஞாயிறு, காலை 8:20

கடைசியில் இரண்டையும் ஓட்டுவதா, லைபேஸ் மட்டுமா?

ஆலிவ் எண்ணெய் | ஜூன் 15, காலை 8:45

லைபேஸ் மட்டும். இரண்டையும் சேர்த்தால் கூடுதலாகத் தெரிவது மிகக் கொஞ்சம், குழப்பம்தான் அதிகம்.

டூட்டி ரூம் 3 | ஜூன் 15, காலை 10:30

ஐயாவோடு கொஞ்சம் மாறுபடுகிறேன். வலி எப்போது ஆரம்பித்தது என்று யாருக்கும் தெரியாத நோயாளிகள்தான் எங்களுக்கு அதிகம். அமைலேஸ் இறங்கி லைபேஸ் நிற்கிறது என்றால் இது பழைய வலி என்று எனக்கு ஒரு துப்பு கிடைக்கிறது. இந்த ஆளிடமும் அதுதானே நடந்தது?

ஆலிவ் எண்ணெய் | ஜூன் 15, காலை 10:52

துப்பு கொடுத்தது அமைலேஸ் இல்லை, மச்சான்.

மையவிலக்கு | ஜூன் 18, புதன், இரவு 9:15

ஓனரிடம் பேசியாச்சு. லைபேஸ் இருக்கட்டும் என்றார், சின்னப் பேக் மட்டும். மாதம் எட்டு, பத்து டெஸ்ட்தான் வருகிறது, திறந்த பாட்டில் காலாவதியாகிவிடும் என்பது அவர் கவலை, அதுவும் நியாயமே. அமைலேஸை நிறுத்த ஒப்புக்கொள்ளவில்லை, பேக்கேஜில் பெயர் அச்சாகியிருக்கிறதாம். அனலைசரில் லைபேஸை ட்ரைகிளிசரைடுக்கு முன்னால் மாற்றி வைத்துவிட்டேன்.

சீட்டில் "வலி தொடங்கிய நாள், மணி" என்று ஒரு கட்டம் போட்டிருக்கிறேன். திங்கள் முதல் இன்று வரை ஐந்து சீட்டு வந்தது. மூன்றில் காலி. ஒன்றில் "காலை". இன்னொன்றில் அந்தக் கட்டத்துக்குள் நோயாளியின் போன் நம்பர்.

நைட்ஷிப்ட் அக்கா | ஜூன் 18, இரவு 9:40

போன் நம்பர் எழுதியது எங்கள் வார்டு மாதிரி தெரிகிறது. கட்டத்தைக் கொஞ்சம் பெரிதாகப் போடுங்கள் தம்பி.